பத்து வரி ஆங்கிலச் சட்ட வாக்கியத்தைத் தமிழில் எங்கே உடைப்பது?

கேள்வி: ஆங்கிலத்தில் ஒரு சட்டப்பிரிவு பத்து வரிக்கு ஒரே வாக்கியமாகப் போகிறது. தமிழிலும் ஒரே வாக்கியமாக எழுதினால் படிப்பவர்களுக்குப் புரியவில்லை. உடைத்து எழுதினால் பொருள் மாறிவிட்டது என்று வக்கீல் திருப்பி அனுப்புகிறார். எங்கே உடைக்கலாம், எங்கே உடைக்கக் கூடாது?

வக்கீலின் புகாரிலிருந்தே தொடங்குகிறேன். உடைத்ததாலேயே பொருள் மாறிவிடாது. உடைத்த இடத்தில் ஒரு நிபந்தனை நழுவிப்போயிருக்கும், அல்லது யார் செய்தார் என்பது நழுவியிருக்கும். நான் மதுரையில் 18 வருடமாக வக்கீல் நோட்டீஸ், பத்திரங்கள், பிரமாண வாக்குமூலங்கள் ஆகியவற்றை இரண்டு பக்கமும் மொழிபெயர்த்து வருகிறேன். வக்கீல் படிப்பு படிக்கவில்லை. அதனால் மொழி பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள், சட்ட விளக்கம் வரும் இடங்களில் உங்கள் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாகப் பேசிக்கொண்டு போனால் பயன் இல்லை, ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக் கடைசி வரை பார்த்துவிடலாம். செக் பவுன்ஸ் வழக்கு எல்லோருக்கும் தெரியும். 1881ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138ஆவது பிரிவு அது. அந்தப் பிரிவு 1989 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, பிறகு 2002ஆம் வருடத் திருத்தத்தில் தண்டனையும் கெடுவும் கூடின. ஆங்கிலத்தில் நூறு சொல்லுக்கு மேல் ஓடி, அப்புறம் ஒரு முக்காற்புள்ளி போட்டு, 'ப்ரொவைடட்' என்று தொடங்கி இன்னும் மூன்று உட்பிரிவு. எல்லாம் ஒரே வாக்கியம்.

அதன் முதல் துண்டை மட்டும் ஆங்கிலத்தின் வரிசையை விடாமல் தமிழாக்கினால் இப்படி வரும். இதைப் போன்றது எனக்கு எத்தனையோ முறை சரிபார்க்க வந்திருக்கிறது.

"ஒரு நபரால் வங்கியாளர் ஒருவரிடம் அவரால் பராமரிக்கப்படும் கணக்கின் மீது, அந்தக் கணக்கிலிருந்து மற்றொரு நபருக்கு ஏதேனும் ஒரு தொகையைச் செலுத்துவதற்காக, ஏதேனும் கடனையோ பிற பொறுப்பையோ முழுவதுமாகவோ பகுதியாகவோ தீர்க்கும் பொருட்டு வரையப்பட்ட ஏதேனும் காசோலை..."

எண்ணிப் பாருங்கள், காசோலை என்ற சொல் வருவதற்கு முன் 26 சொற்கள். ஆங்கிலத்தில் காசோலை இரண்டாவது சொல்லுக்கு அடுத்தே வந்துவிடுகிறது, மற்ற விவரமெல்லாம் அதன் வாலில் தொங்குகிறது. படிப்பவர் பேசப்படும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு விவரத்தைக் கேட்கிறார். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால்தான் வரும், அதை மாற்ற முடியாது. ஆகவே விவரம் முழுவதையும் சுமந்துகொண்டு, எதைப் பற்றிய விவரம் என்றே தெரியாமல், படிப்பவர் 26 சொற்கள் நடக்கிறார். இது போதாதென்று, அந்தக் காசோலை எழுவாய் ஆகிவிட்டதால் அதற்குரிய வினைமுற்று இன்னும் ஐந்து வரி தாண்டித்தான் வரும். முன்பக்கம் ஒரு சுமை, பின்பக்கம் ஒரு காத்திருப்பு.

இங்கே என் கைக்கணக்கு ஒன்று சொல்கிறேன், இது இலக்கண விதி கிடையாது, அனுபவத்தில் வந்தது. ஒரு பெயருக்கு முன்னால் ஒரு பெயரெச்சத் தொடர் வரலாம், அதற்குள் இன்னொன்று வந்தால் நிறுத்தி யோசிப்பேன், மூன்றாவது வந்தால் நிச்சயம் உடைப்பேன். மேலே உள்ள துண்டில் 'பராமரிக்கப்படும் கணக்கு' என்பது 'வரையப்பட்ட காசோலை'க்குள் அடங்கியிருக்கிறது. 'வங்கியாளர் ஒருவரிடம் அவரால் பராமரிக்கப்படும் கணக்கு' என்பதைத் தமிழர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'தம் வங்கிக் கணக்கு' என்றால் முடிந்தது. 'தம்' என்ற ஒற்றைச் சொல் 'அந்த நபரால் பராமரிக்கப்படும்' என்பதன் வேலையைச் செய்துவிடுகிறது. 'அந்தக் கணக்கிலிருந்து செலுத்துவதற்காக' என்பதும் 'கணக்கின்மேல் கொடுத்த' என்பதற்குள் அடங்கிவிடும். இப்போது பாருங்கள்:

"ஏதேனும் ஒரு கடனையோ வேறு பொறுப்பையோ முழுவதுமாகவோ பகுதியாகவோ தீர்ப்பதற்காக ஒருவர் தம் வங்கிக் கணக்கின்மேல் மற்றொருவருக்குக் கொடுத்த காசோலையை..."

26 சொல் 14 ஆகிவிட்டது. ஒருவர் கொடுத்தார், மற்றொருவர் வாங்கினார் என்று ஆட்களும் தெளிவாக நிற்கிறார்கள். 'நபரால்', 'அவரால்' என்று இரண்டு 'ஆல்' மோதிக்கொள்வதும் போய்விட்டது. 'படு' போட்ட செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்கினால் பாதிச் சிக்கல் தானே தீரும், ஏனென்றால் செய்தவர் எழுவாயாக முன்னால் வந்து நிற்பார். செய்தவர் யார் என்று ஆங்கிலமே சொல்லாத இடத்தில் மட்டும் 'படு'வை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்களாக ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது.

அந்தத் துண்டில் நான் வேண்டுமென்றே விட்ட ஒரு சொல் இருக்கிறது. 'ஏதேனும் ஒரு கடனை' என்றுதான் எழுதியிருக்கிறேன், 'தம் கடனை' என்று எழுதவில்லை. இயல்பான தமிழ் வேண்டும் என்று எழுதும்போது கை தானாகவே 'தன் கடனைத் தீர்க்க' என்று எழுதிவிடும், காதுக்கும் அதுதான் இனிமை. ஆனால் சட்டத்தில் 'ஏதேனும் கடன்' என்றுதான் இருக்கிறது, யாருடைய கடன் என்று இல்லை. ஜாமீன் நின்றவர் இன்னொருவரின் கடனுக்காகக் கொடுத்த காசோலையும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2002ல் ஒரு வழக்கில் சொன்னது, பிரிவில் வரும் 'ஏதேனும்', 'பிற பொறுப்பு' என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னது. நீங்கள் 'தம்' போட்டிருந்தால் அந்த ஜாமீன்தாரரை வெளியே தள்ளியிருப்பீர்கள். ஆகவே சுருக்கும்போது ஒரு கேள்வி: நான் எடுப்பது வெறும் சுற்றிவளைப்பா, அல்லது அகலமாக வைத்ததைக் குறுக்குகிறேனா? 'வங்கியாளரிடம் பராமரிக்கப்படும்' என்பது சுற்றிவளைப்பு. 'ஏதேனும்' என்பது அகலம்.

சரி, இனி உடைப்பதற்கு வருவோம். ஆங்கிலத்தில் காற்புள்ளி வரும் இடத்தையெல்லாம் முற்றுப்புள்ளி ஆக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. "ஒருவர் காசோலை கொடுக்கிறார். அதை வங்கி திருப்புகிறது. அவர் குற்றம் செய்தவர் ஆவார்." படிக்க எளிது, ஆனால் முதல் இரண்டும் நடந்த செய்தி போல ஆகிவிட்டன. 'இப்படி நடந்தால்' என்ற நிபந்தனை எங்கே? வக்கீல் திருப்பி அனுப்புவது இதைப் பார்த்துத்தான். இதற்குப் பயந்து சிலர் எதிர்ப்பக்கம் போய், 'கொடுத்து', 'திருப்பி', 'அனுப்பி' என்று வினையெச்சமாகக் கோத்துக்கொண்டே போவார்கள். அதிலும் ஒரு குழி இருக்கிறது. "ஒருவர் மற்றொருவருக்குக் காசோலை கொடுத்து, வங்கி அதைத் திருப்பினால்" என்று எழுதினால், கொடுத்தது ஒருவர், திருப்பியது வங்கி. 'செய்து' என்ற வாய்பாட்டு எச்சம் தன்னைச் செய்தவரின் வினையைக் கொண்டே முடியும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. பேச்சில் இதை மீறுகிறோம், யாரும் குழம்புவதில்லை. சட்ட வாசகத்தில் மீறினால், அடுத்தடுத்து மூன்று எச்சம் வந்த பிறகு எதை யார் செய்தார் என்று பிரிக்க முடியாது. 'செய' வாய்பாட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 'மழை பெய்ய நெல் விளைந்தது' என்று பள்ளியில் படித்திருப்போம், பெய்தது மழை, விளைந்தது நெல். 'செய்தால்' என்ற வாய்பாட்டுக்கும் கட்டுப்பாடு இல்லை. ஆகவே ஆள் மாறும் இடத்தில் '-து' எச்சம் வேண்டாம். அங்கே '-ஆல்' போடுங்கள், அல்லது முற்றாக முடித்துவிட்டு அடுத்த வாக்கியத்தைத் தொடங்குங்கள்.

முடித்துத் தொடங்கும்போது நிபந்தனை விழாமல் இருக்கத் தமிழிலேயே ஒரு பழக்கம் உண்டு. கதை சொல்லும்போது "ஊருக்குப் போனான். போனதும் அம்மாவைப் பார்த்தான். பார்த்த பிறகுதான் நிம்மதி" என்று முந்திய வினையை எடுத்துக்கொண்டே அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவோம். சட்ட வாசகத்தில் இதற்கு 'அவ்வாறு', 'அந்தக் காசோலை', 'அந்த அறிவிப்பு' என்ற சுட்டுகள் இருக்கின்றன. உடைத்த ஒவ்வொரு இடத்திலும் பின்வாக்கியத்தின் முதல் இரண்டு மூன்று சொற்களுக்குள் முன்வாக்கியத்தைப் பிடிக்கும் கொக்கி ஒன்று இருக்க வேண்டும். கொக்கி இல்லாத முற்றுப்புள்ளியைப் பார்த்தால் நான் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிடுவேன். 138இன் முதற்பகுதியை நான் இப்படி எழுதுவேன்:

"ஏதேனும் ஒரு கடனையோ வேறு பொறுப்பையோ முழுவதுமாகவோ பகுதியாகவோ தீர்ப்பதற்காக ஒருவர் தம் வங்கிக் கணக்கின்மேல் மற்றொருவருக்குக் கொடுத்த காசோலையை, பின்வரும் இரண்டு காரணங்களில் ஒன்றால் வங்கி பணம் தராமல் திருப்பினால், காசோலை கொடுத்தவர் குற்றம் செய்தவராகக் கொள்ளப்படுவார். ஒரு காரணம், காசோலைத் தொகைக்குப் போதுமான பணம் அந்தக் கணக்கில் இல்லாதது. மற்றொரு காரணம், அந்தக் கணக்கிலிருந்து தருவதாக வங்கியுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட தொகையைக் காசோலைத் தொகை மீறுவது. அவ்வாறு குற்றம் செய்தவராகக் கொள்ளப்படுபவருக்கு, இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும். இந்தத் தண்டனை இச்சட்டத்தின் வேறு எந்தப் பிரிவையும் பாதிக்காது."

ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஐந்து. முதல் வாக்கியம் மட்டும் இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது, அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நிபந்தனையும் அதன் விளைவும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். 'திருப்பினால்' என்பதையும் 'கொள்ளப்படுவார்' என்பதையும் பிரித்தால் அந்தப் பிரிவே இல்லை. மற்றதை வெளியே எடுக்கலாம். காரணங்கள் இரண்டையும் வெளியே எடுத்து, அவை இருந்த இடத்தில் 'பின்வரும் இரண்டு காரணங்களில் ஒன்றால்' என்று ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் 'மட்டுமே' என்று சேர்க்க ஆசை வரும், வாக்கியம் அழுத்தமாக ஒலிக்கும். சேர்க்காதீர்கள். கணக்கையே மூடிவிட்ட வழக்குகளையும் நீதிமன்றம் இந்தப் பிரிவுக்குள் கொண்டுவந்திருக்கிறது, சட்டம் சொல்லாத 'மட்டுமே'வை மொழிபெயர்ப்பவர் சொல்வதற்கில்லை. அதே போல 'வரை' என்பது இரண்டு இடத்திலும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். "இரண்டு ஆண்டு சிறையோ, இரு மடங்கு வரை அபராதமோ" என்று எழுதினால் அந்த 'வரை' சிறைக்குப் போய்ச் சேராது, சிறை சரியாக இரண்டு ஆண்டு என்றாகிவிடும்.

'கொள்ளப்படுவார்' பற்றிக் கேட்பார்கள். 'கருதப்படுவார்' என்றும் எழுதுகிறார்கள், தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சுவழக்கில் கருதுவது என்றால் யாரோ ஒருவர் மனதில் நினைப்பது, மாற்றியும் நினைக்கலாம். சட்டம் இங்கே அப்படியே வைத்துக்கொள் என்று கட்டளையிடுகிறது. என் காதுக்குக் 'கொள்ளப்படுவார்' அந்த உறுதியைக் கொடுக்கிறது. இது விருப்பம்தான், இதற்காக யாரோடும் வாதாட மாட்டேன். எதை எடுத்தாலும் ஆவணம் முழுக்க அதையே எடுங்கள். 'காசோலை கொடுத்தவர்' என்பதும் அப்படியே. நடுவில் காசோலையை மேலொப்பம் போட்டு இன்னொருவருக்குக் கைமாற்றியவர் யாராவது இருக்கும் வழக்கு என்றால், அவரும் கொடுத்தவர்தான் என்பதால், 'வரைந்தவர்' என்று மாற்றிக்கொள்வேன். மாற்றினால் முதல் வரியிலிருந்தே மாற்றுவேன்.

அப்புறம் அந்த 'ப்ரொவைடட்'. சட்டத்தமிழில் வரம்புரை என்பார்கள். ஆங்கிலத்தில் அது இரண்டு மறுப்பாக வருகிறது: இவை நடக்காவிட்டால் இந்தப் பிரிவில் உள்ள எதுவும் பொருந்தாது. தமிழில் இரட்டை மறுப்பை அப்படியே வைத்து, நடுவில் மூன்று நீண்ட நிபந்தனைகளையும் போட்டால், கடைசியில் வரும் 'பொருந்தாது' மட்டும் படிப்பவர் மனதில் நிற்கும். நேராகத் திருப்புங்கள்: "பின்வரும் மூன்றும் நடந்திருந்தால் மட்டுமே இந்தப் பிரிவு பொருந்தும்." முன்னே 'மட்டுமே' வேண்டாம் என்றேன், இங்கே வேண்டும், ஏனென்றால் இங்கே ஆங்கிலத்திலேயே அந்தக் கட்டு இருக்கிறது. 'மூன்றும்' என்பதில் உள்ள 'உம்' முக்கியம். ஆங்கிலத்தில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே மட்டும் ஒரு 'அண்ட்' வரும், அது மூன்றையும் கட்டுகிறது. தமிழில் மூன்று தனி வாக்கியமாக உடைத்தவுடன் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், முன்கூட்டியே எண்ணிக்கையைச் சொல்லித்தான் அதைத் திரும்பக் கட்ட முடியும்.

இந்த மூன்றையும் நான் முதன்முதலில் மொழிபெயர்த்தபோது எல்லாவற்றையும் 'வேண்டும்' என்று முடித்திருந்தேன். உரிய காலத்துக்குள் காசோலையை வங்கியில் போட்டிருக்க வேண்டும், 30 நாட்களுக்குள் அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும், 15 நாட்களுக்குள் பணத்தைக் கொடுக்கத் தவறியிருக்க வேண்டும். ஒரு வக்கீல் ஆபீஸில் இருந்த வயதான குமாஸ்தா படித்துவிட்டு, "ஏன் தம்பி, பணத்தைக் கொடுக்கக் கூடாதுன்னு சட்டமே சொல்லுதா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. 'வேண்டும்' கடமையையும் சொல்லும், நிபந்தனையையும் சொல்லும். முதல் இரண்டில் படிப்பவர் எப்படி எடுத்துக்கொண்டாலும் பெரிய கேடில்லை, மூன்றாவதில் தலைகீழாகப் போகிறது. அன்றிலிருந்து நிபந்தனைப் பட்டியலில் 'வேண்டும்' போடுவதில்லை, '-இருத்தல்', '-ஆமை' என்று பெயராக்கிவிடுகிறேன், அல்லது நடந்ததைச் சொல்வது போல முடிக்கிறேன்.

"பின்வரும் மூன்றும் நடந்திருந்தால் மட்டுமே இந்தப் பிரிவு பொருந்தும். முதலாவது, காசோலையில் தேதியிட்ட நாளுக்குப் பின் ஆறு மாதங்கள், காசோலை செல்லுபடியாகும் காலம் ஆகிய இரண்டில் எது முந்தி முடிகிறதோ அதற்குள் காசோலையை வங்கியில் கொடுத்திருத்தல். இரண்டாவது, காசோலை பணமாகாமல் திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து தமக்குக் கிடைத்த பின் 30 நாட்களுக்குள், பணம் பெற வேண்டியவர் அந்தத் தொகையைக் கேட்டுக் காசோலை கொடுத்தவருக்கு எழுத்தில் அறிவிப்பு கொடுத்திருத்தல். மூன்றாவது, அந்த அறிவிப்பு தமக்குக் கிடைத்த பின் 15 நாட்களுக்குள், காசோலை கொடுத்தவர் அந்தத் தொகையைப் பணம் பெற வேண்டியவருக்குக் கொடுக்காதிருத்தல்."

இதில் ஒரு சொல்லை எளிமைக்காக விட்டிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பணம் பெற வேண்டியவரோடு, காசோலையை முறைப்படி கைமாற்றிப் பெற்றவரும் சேர்ந்து வருவார். உங்கள் வழக்கில் அப்படி யாரும் இல்லை, நோட்டீஸில் விளக்கமாகத்தான் எழுதுகிறீர்கள் என்றால் விடலாம். சட்டவாசகமாகவே எழுதுகிறீர்கள் என்றால் "பணம் பெற வேண்டியவரோ முறைப்படி கைமாற்றிப் பெற்றவரோ, நேர்வுக்கேற்ப," என்று சேர்த்தே ஆக வேண்டும்.

'தமக்கு' என்ற சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'ஹிம்' என்று வந்தால் மூன்று ஆண்களில் எந்த ஆள் என்று சண்டை வரும், அதனால்தான் அவர்கள் 'மேற்சொன்ன காசோலையின் வரைநர்' என்று பல இடங்களில் முழுப்பெயரில் எழுதுகிறார்கள். தமிழில் 'தான், தன், தம்' அந்த வினையைச் செய்பவரையே திருப்பிக் காட்டும். இரண்டாவது நிபந்தனையில் தகவல் கிடைத்தது அறிவிப்பு கொடுப்பவருக்கு, மூன்றாவதில் அறிவிப்பு கிடைத்தது பணம் கொடுக்காதவருக்கு. இரண்டையும் 'அவருக்கு' என்று எழுதிப் பாருங்கள், உடனே மங்கிவிடும். ஆங்கிலத்தில் இல்லாத வசதி இது, பலர் பயன்படுத்துவதே இல்லை.

'உம்' பற்றி இன்னொரு எச்சரிக்கை, இது 138இல் வராது, ஆனால் கடன் பத்திரங்களில் அடிக்கடி பார்க்கிறேன். அசல் அல்லது வட்டி எதைக் கட்டத் தவறினாலும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதை "அசலையும் வட்டியையும் கட்டாவிட்டால்" என்று தமிழாக்கியிருப்பார்கள். 'உம்'மோடு மறுப்பு சேர்ந்தால் தமிழில் பெரும்பாலும் இரண்டையுமே கட்டவில்லை என்றுதான் கேட்கும். "அண்ணனும் தம்பியும் வரவில்லை" என்றால் யாருமே வரவில்லை. ஆக, வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வந்தவர் 'நான் தவறவில்லையே' என்று சொல்ல இடம் கிடைக்கிறது. "அசலையோ வட்டியையோ கட்டத் தவறினால்" என்று எழுதினால் இடம் இல்லை. மறுப்பு வரும் வாக்கியத்தில் 'உம்' இருந்தால் ஒரு நிமிடம் நின்று, ஒன்று நடந்து மற்றது நடக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முடித்த பிறகு நான் செய்யும் சோதனை ஒன்றுதான். ஆங்கிலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து, யார், யாருக்கு, எத்தனை நாளுக்குள், எது நடந்த பின், இவற்றில் ஒன்று மட்டும் நடக்காவிட்டால் என்ன என்று கேட்பேன். வீட்டில் இருப்பவர், பக்கத்துக் கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. அவர் சொல்லும் பதிலை எழுதி வைத்துக்கொண்டு ஆங்கிலத்தோடு ஒப்பிடுவேன். ஒருமுறை திரும்பிப் படிக்க நேர்ந்தால் பரவாயில்லை, பதில் தவறாக வந்தால் அந்த இடத்தில் கொக்கியோ உருபோ தவறியிருக்கிறது. வக்கீலுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ் வாக்கியத்துக்கும் பக்கத்தில் அது ஆங்கிலத்தின் எந்தத் துண்டு என்று எண் போட்டு அனுப்புங்கள். ஒரு எண்ணும் விடுபடவில்லை என்று அவர் கண்ணால் பார்த்துவிட்டால், 'உடைத்துவிட்டாய்' என்ற புகார் பெரும்பாலும் வருவதில்லை.

உடைக்கவே கூடாத ஒரு சூழலும் இருக்கிறது. மத்தியச் சட்டங்களுக்கு 1973ஆம் வருடத்து அதிகாரபூர்வ வாசகங்கள் சட்டத்தின்படி அரசிதழில் வெளியான தமிழ் வாசகம் இருந்தால், அதை மேற்கோளாகக் காட்டும் இடத்தில் அதையே அப்படியே போட வேண்டும், எவ்வளவு நீளமாக இருந்தாலும். உங்கள் வாக்கியம் அதற்குக் கீழே விளக்கமாக வரலாம். நான் மேலே கொடுத்ததும் அப்படி ஒரு விளக்கம்தான், சட்டத்தின் அதிகாரபூர்வமான தமிழ் கிடையாது.

கடைசியாக நாள் கணக்கு. '30 நாட்களுக்குள்' என்பதற்கு முன்னால் 'கிடைத்த நாள் முதல்' என்று எழுதினால் தமிழில் அந்த நாளும் சேரும், ஒன்றாம் தேதி முதல் விடுமுறை என்றால் ஒன்றாம் தேதியே விடுமுறை. 'கிடைத்த நாளிலிருந்து' என்பதைச் சிலர் சேர்த்தும் சிலர் நீக்கியும் எண்ணுகிறார்கள். 'கிடைத்த 30 நாட்களுக்குள்' என்று உருபே இல்லாமல் எழுதுவது பேச்சில் சரி, எழுத்தில் அதை எப்படியும் வளைக்கலாம். இதே சட்டத்தில் புகார் கொடுப்பதற்கான ஒரு மாதக் கெடுவை எண்ணும்போது முதல் நாளை விட்டுவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013ல் சொல்லியிருக்கிறது. அதனால்தான் நான் 'கிடைத்த பின்' என்று எழுதுகிறேன். அதற்கு மேல் போய் 'மறுநாளிலிருந்து எண்ண வேண்டும்' என்று வாசகத்துக்குள் எழுத மாட்டேன், அது மொழிபெயர்ப்பைத் தாண்டித் தீர்ப்பைச் சேர்ப்பதாகிவிடும். காசோலையின் ஆறு மாதமும் அப்படியே. 2012 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி உத்தரவால் காசோலை மூன்று மாதத்துக்குத்தான் செல்லும், ஆனால் சட்டவாசகத்தில் ஆறு என்றுதான் இருக்கிறது, 'எது முந்தி முடிகிறதோ' என்ற சொற்கள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். கட்சிக்காரர் எந்தத் தேதிக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று கேட்டால், வக்கீலிடம் தேதியை வாங்கித் தனித் தாளில் எழுதிக் கொடுங்கள்.